மாதவிடாயை ஒட்டி மோசமாகும் மனநோய்: மாத்திரைகள், பதிவேடு, மருத்துவருடன் திட்டமிடல்

மனச்சோர்வுக்கோ, சோர்வுக்கும் அளவுமீறிய உற்சாகத்துக்கும் இடையே மனம் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்கோ சிகிச்சையில் இருக்கும் பெண்கள் என் அறையில் கேட்ட கேள்விகள் இவை. சிலர் வெளியே போகக் கதவைத் திறந்தபிறகு, திரும்பி நின்று கேட்டவையும் இதில் உண்டு. நான் மனநல மருத்துவர். நடுவில் வரும் பெண்ணின் கதை பலருடைய அனுபவங்களைச் சேர்த்து எழுதியது.

மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மாதத்தில் இருபது நாள் நன்றாக இருக்கிறேன். தேதி நெருங்கும் வாரத்தில் மட்டும் பழைய இடத்துக்கே போய்விடுகிறேன். மாத்திரை வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. அந்த இருபது நாளே அதற்குச் சாட்சி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நோய், கருமுட்டை வெளியான பிறகு வரும் பத்துப் பதினான்கு நாட்களில் தலைதூக்குகிறது. மாத்திரையின் அளவு மற்ற நாட்களுக்குப் போதுமானதாகவும் இந்த நாட்களுக்குப் போதாததாகவும் இருக்கலாம்.

இது அபூர்வமானதும் அல்ல. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய மனச்சோர்வு ஆய்வில், கருத்தடை மாத்திரை எடுக்காத, மாதவிடாய் நிற்காத பெண்களில் 64 சதவீதம் பேர் மாதவிடாய்க்கு முன் தங்கள் நோய் கூடுவதாகச் சொன்னார்கள். அத்தனை பேரிடமும் தென்பட்ட ஒன்றைப் பற்றிப் பெரும்பாலான மருத்துவர்கள் கேட்பதே இல்லை என்பது எங்கள் தரப்பின் குறை.

இதையே ‘மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு’ என்று சிலர் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அது வேறு. அந்தக் கோளாறு உள்ள பெண்ணுக்கு இரத்தப்போக்கு தொடங்கிச் சில நாட்களில் எல்லாம் விலகி, அடுத்த வாரம் மனம் தெளிந்த வானமாக இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வாரத்திலும் கொஞ்சம் மேகம் இருக்கும். கெட்ட வாரத்தில் அது இருண்டுவிடும். பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

“எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே, நாங்கள் எல்லாம் தாங்கவில்லையா” என்கிறார் மாமியார்.

எரிச்சல், மார்பில் கனம், இரண்டு நாள் அழுகை ஆகியவை பலருக்கும் வருவது உண்மை. வேலைக்குப் போக முடியாமல் போவதும், குழந்தையை அடித்துவிட்டு அன்றிரவு முழுக்க அழுவதும், சாவைப் பற்றி நினைப்பதும் எல்லோருக்கும் வருவதில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துவாருங்கள். நாள்வாரியாக எழுதிய தாளைப் பார்த்தபின் பேச்சு மாறிய மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹார்மோன் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடுமா? லேபில் மூவாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள்.

அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்ட்ரோனும் பெரும்பாலும் மற்ற பெண்களுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கும். 1998இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஊசி மருந்தால் கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளின் வேலையை நிறுத்திவைத்தார்கள். பிறகு ஒரே அளவு ஹார்மோனை இரண்டு வகைப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். மாதவிடாய்க்கு முன் மனம் பாதிக்கப்படும் வரலாறு உள்ளவர்களுக்கு அறிகுறிகள் திரும்பி வந்தன. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறுபாடு இரத்தத்தில் ஓடும் அளவில் இல்லை, அதை மூளை ஏற்கும் விதத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

தைராய்டு பரிசோதனையும் ஹீமோகுளோபின் அளவும் மட்டும் பார்ப்பது பயனுள்ளது. இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் சிலருக்குத் தைராய்டைத் தளர்த்தும். இரத்தப்போக்கு அதிகமான பெண்ணின் சோகை, மனச்சோர்வைப் போலவே களைப்பைக் காட்டும்.

டாக்டரிடம் என்ன எழுதிக்கொண்டு போக வேண்டும்?

நினைவிலிருந்து சொல்வதை நம்ப வேண்டாம். கெட்ட நாள் ஒன்று மனதில் பதிந்தால் அந்த மாதமே கெட்டதாகத் தோன்றும். அதனால் அன்றன்று எழுத வேண்டும். அதுவும் தொடர்ந்து இரண்டு சுழற்சிகளுக்கு.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரவு படுக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள். முதலில், இரத்தம் பட்ட முதல் நாளை ஒன்று என்று வைத்து வரும் நாளின் எண். பிறகு சோகத்துக்கும் எரிச்சலுக்கும் தனித்தனியே 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. அடுத்து முந்தைய இரவு தூங்கிய மணி நேரம். கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒன்று: அன்று மனநல மாத்திரையைத் தவறவிட்டீர்களா, வேறு எந்த மாத்திரையாவது விழுங்கினீர்களா. தலைவலி மாத்திரை, கடையில் வாங்கிய வயிற்றுவலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பு நோயையும் மருந்தையும் எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதைக் கீழே வரும் கதையில் பார்ப்பீர்கள்.

லித்தியம் சாப்பிடுகிறேன். வயிற்றுவலிக்குக் கடையில் கேட்டால் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். போடலாமா?

அட்டையின் பின்புறம் மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் என்று இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காரணம் இதுதான். மாதவிடாயின் முதல் நாட்களில் கருப்பை சுருங்கி வலிப்பதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் காரணம். இந்த மாத்திரைகள் அது உருவாவதைத் தடுப்பதால் வலி போகிறது. ஆனால் அதே பொருள்தான் சிறுநீரகத்துக்கு இரத்தம் நன்றாகப் பாயவும் உதவுகிறது. அது குறைந்தால், உடலை விட்டு வெளியேற வேண்டிய லித்தியம் வெளியேறாமல் தேங்குகிறது. லித்தியத்தில் நல்ல அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பலருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருக்கிறோம், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகும் எல்லை, சிலருக்கு அதற்கு முன்பே அறிகுறிகள் வரும்.

முப்பத்திரண்டு வயதுப் பெண். ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். இருமுனைக் கோளாறுக்கு மூன்று ஆண்டுகளாக இரவில் 900 மில்லிகிராம் லித்தியம். இரத்த அளவு எப்போது பார்த்தாலும் 0.7. ஆனாலும் “ஒவ்வொரு மாதமும் பத்து நாள் நான் நானாக இல்லை டாக்டர்” என்றார். நோட்டு எழுதச் சொன்னோம்.

எட்டாம் நாள் முதல் இருபதாம் நாள் வரை சோகம் 2, தூக்கம் ஏழு மணி நேரம். இருபத்திரண்டாம் நாளில் சோகம் 4 ஆனது. இருபத்தைந்தில் 5, தூக்கம் ஐந்து மணி நேரமாகக் குறைந்தது. இருபத்தெட்டாம் நாளோடு அந்தச் சுழற்சி முடிந்து, மறுநாள் இரத்தப்போக்கு தொடங்கியது. அதன்பின் சோகம் மெல்ல இறங்கியது. ஆனால் இரண்டாம் நாள் இரவு அவர் எழுதியிருந்தார்: “கை நடுங்குகிறது. டம்ளரில் காபி தளும்புகிறது.” மூன்றாம் நாள்: “இரண்டு முறை வயிற்றுப்போக்கு. படியில் கால் தடுமாறியது.” ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. அடுத்த மாதமும் இதே வரிசை. வரியின் கடைசிக் குறிப்பில், முதல் மூன்று நாட்களும் மெஃபெனமிக் அமிலம் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று.

பத்து நாட்கள் என்று அவர் ஒன்றாகச் சொன்னதில் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் இருந்தன. இருபத்திரண்டாம் நாள் முதல் வந்தது அவருடைய நோய். இரத்தப்போக்கின் இரண்டாம் நாள் முதல் வந்தது லித்தியம் தேங்கியதன் அடையாளம். நடுக்கத்தையும் தடுமாற்றத்தையும் “தீட்டு நாள் பலவீனம்” என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பரிசோதனையும் அதைப் பிடிக்கவில்லை. வலியோடு மருத்துவமனைக்கு யாரும் வருவதில்லை என்பதால், இரத்தம் எப்போதும் நல்ல வாரத்திலேயே எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் மூன்றாம் நாள் நடுக்கம் தொடங்கியதும் வரச் சொன்னோம். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் லித்தியம் 1.3.

வலி மாத்திரையை நிறுத்தினோம். லித்தியத்தை அன்றிரவு மட்டும் நிறுத்தி, அளவு இறங்கியதைப் பார்த்துப் பழைய அளவிலேயே தொடர்ந்தோம். வலிக்குப் பாராசிட்டமால் 650, ஒருநாளில் நான்குக்கு மேல் போகாமல். கூடவே வெந்நீர்ப் பை. அதற்கும் அடங்காதவர்களுக்குக் கருப்பைத் தசையைத் தளர்த்தும் ட்ரோடாவெரின் உண்டு. ஆனால் கடைகளில் அது மெஃபெனமிக் அமிலத்துடனோ அசிக்ளோஃபெனாக்குடனோ சேர்ந்த மாத்திரையாகவும் விற்கிறது. பாராசிட்டமாலும் அப்படித்தான். முன்பக்கப் பெயரை விட்டுப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள், அல்லது கடைக்காரரிடம் “நான் லித்தியம் சாப்பிடுகிறேன்” என்று சொல்லி வாங்குங்கள்.

கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுவது, குடித்தவர்போல் நடை தள்ளாடுவது ஆகியவை வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய் இரத்த அளவைப் பாருங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், உப்பைத் திடீரென விட்டுவிடுவதும், தண்ணீரும் அருந்தாத விரதமும் லித்தியத்தை ஏற்றும். மாதவிடாய்க்கு முன் உடல் ஊதுகிறது என்று சிறுநீர் பிரிய மாத்திரை வாங்கிப்போடுவதும் அப்படியே.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டாம் நாள் வந்த சோகம் என்ன ஆயிற்று?

மாதவிடாய்க்கு முன் லித்தியம் தானாகக் குறைந்துவிடுகிறதோ என்று முதலில் பார்த்தோம். சில பெண்களிடம் அப்படிக் குறைந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு, எல்லோருக்கும் நடப்பதில்லை. இவருக்கு இருபத்துநான்காம் நாள் இரத்தம் எடுத்ததில் 0.7தான். எனவே லித்தியத்தைக் கூட்டிப் பயனில்லை என்று முடிவுசெய்து, இருமுனைச் சோர்வுக்குப் பயன்படும் லாமோட்ரிஜினைச் சேர்த்தோம். அதை மெதுவாகத்தான் ஏற்ற முடியும்: இரண்டு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு மேலே. அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். நான்காவது சுழற்சியில் அவருடைய இருபத்தைந்தாம் நாள் 5இலிருந்து 3க்கு வந்தது. முழுதும் போகவில்லை. வேலைக்குப் போகமுடிகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு முழுச் சுழற்சியாவது பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுவதே முறை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பத்து நாள் மட்டும் என் மனச்சோர்வு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா?

நீங்களாகச் செய்ய வேண்டாம். மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு மட்டும் உள்ள பெண்ணுக்கு எஸ்கிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் பிற்பாதிச் சுழற்சியில் மட்டும் கொடுப்பது நிரூபிக்கப்பட்ட வழி. அவை சில நாட்களிலேயே வேலை செய்கின்றன. மாதம் முழுக்க நோய் உள்ளவருக்கு அந்த வழியின் ஆதாரம் மெலிந்தது. முதலில் மாதம் முழுவதற்குமான அளவு சரியா என்று பார்ப்போம். அது சரியாக இருந்தும் மேகம் திரண்டால், பிற்பாதியில் மட்டும் சற்றுக் கூட்டிப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன், சிலருக்கு உதவுகிறது.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மாதவிடாய்க் கோபத்துக்கு என்று வேறொரு மருத்துவர் இந்த வகை மாத்திரையைத் தனியே கொடுத்து, மூன்றே வாரத்தில் தூக்கமின்றி, நகையை அடகுவைத்து, ஊர்முழுக்கப் பரிசு வாங்கிக்கொடுத்த நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளிர் நோய் மருத்துவரிடம் போகும்போது மனநல மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துப்போங்கள். கூச்சப்பட்டு மறைப்பதால் வரும் ஆபத்து இது.

எஸ்கிடலோப்ராம் சாப்பிடுகிறவர்களும் அந்த வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டுமா?

லித்தியம் அளவுக்கு இல்லை. இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியும் வாய்ப்பு, குறிப்பாக வயிற்றில், கூடும். இரண்டு நாள் உணவுக்குப் பின் போடுவது பலருக்கும் தாங்கும். வயிற்றுப்புண் இருந்தவர்கள், மலம் கறுத்துப் போகிறவர்கள், மாதவிடாயே முன்பைவிட அதிகமாகப் போவதைக் கவனித்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

லாமோட்ரிஜின் சாப்பிடுகிறேன். மகளிர் மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார். அதற்குப் பின் மனம் சரியில்லை.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, லாமோட்ரிஜினைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். நீங்கள் 200 போட்டாலும் உடலுக்குக் கிடைப்பது 100 போட்டது போல்தான். மனம் சரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதில் இன்னொரு சிக்கல்: மாத்திரை இல்லாத அல்லது சர்க்கரை மாத்திரை போடும் ஏழு நாட்களில் அளவு மறுபடி ஏறும். அந்த வாரம் தலைசுற்றல், கண் இரட்டையாகத் தெரிவது போன்றவை வந்தால் அதற்கும் நோட்டில் இடம் கொடுங்கள்.

இரண்டு மருத்துவர்களுக்கும் சொல்லுங்கள். லாமோட்ரிஜினைக் கூட்டலாம், அல்லது காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிக்கு மாறலாம். காப்பர்-டி சிலருக்கு இரத்தப்போக்கையும் வலியையும் கூட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் லாமோட்ரிஜின் ஏறும் என்பதால் அதையும் சொல்லாமல் செய்யாதீர்கள். ஐந்து நாட்களுக்கு மேல் லாமோட்ரிஜினைத் தவறவிட்டால் பழைய அளவிலேயே தொடங்கக்கூடாது. 25இலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். கார்பமசெபைன் சாப்பிடுகிறவர்களுக்குக் கதை தலைகீழ்: அது கருத்தடை மாத்திரையை வலுவிழக்கச் செய்து, எதிர்பாராத கர்ப்பத்தில் விடும்.

கோயில் திருவிழா, தங்கை கல்யாணம். தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போடலாமா?

இதற்குப் பெரும்பாலும் கொடுப்பது நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து, நாளுக்கு மூன்று. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தப்போக்கு வரும். மனநோய் உள்ளவர்களுக்கு முழுத் தடை இல்லை. ஆனால் மாதவிடாய்க்கு முந்தைய ஹார்மோன் நிலையையே நீட்டிக்கிறீர்கள். அந்த நாட்களில்தான் உங்கள் மனம் சரிகிறது என்றால் அந்தச் சரிவும் நீளலாம். வருடத்தில் ஒருமுறை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அந்த வாரத்தில் தூக்கத்தைக் காத்துக்கொண்டு போடுங்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் போடுகிறவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதிய மாத்திரை தொடங்கியபின் மூன்று மாதமாக மாதவிடாயே இல்லை.

முதலில் கர்ப்பப் பரிசோதனை. வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள் இதை ஒருநாளும் தள்ளிப்போடக்கூடாது. அது கருவுக்குக் கடுமையான தீங்கு செய்யும். ஆனால் பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அன்றே மருத்துவரை அழையுங்கள். கர்ப்பம் இல்லை என்றால் ரிஸ்பெரிடோன், அமிசுல்பிரைடு போன்ற மனநோய் மருந்துகள், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றி மாதவிடாயை நிறுத்தியிருக்கலாம். மார்பில் பால் கசிவது அதன் இன்னொரு அடையாளம். ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

டாக்டர் ஐந்து நிமிடம்தான் பார்க்கிறார். எதை முதலில் சொல்வது?

நோட்டைத் திறந்து மேசையில் வையுங்கள். “என் நோய் இத்தனையாம் நாளிலிருந்து இத்தனையாம் நாள் வரை கூடுகிறது, மற்ற நாட்களில் இப்படி இருக்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். அடுத்து, நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் காட்டுங்கள். மூன்றாவதாக, அடுத்த ஒரு வருடத்தில் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள். எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தப் பதிலே தீர்மானிக்கும். கிளம்பும்முன் ஒன்று கேளுங்கள்: அடுத்த இரத்தப் பரிசோதனை சுழற்சியின் எத்தனையாம் நாளில்?

அந்த நாட்களில் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. மூன்றாம் நாள் அது தானாகப் போய்விடுகிறது. அதையும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். போய்விடுகிறது என்பதாலேயே நல்ல வாரத்தில் வரும் பெண்கள் இதைச் சொல்ல மறக்கிறார்கள்; அடுத்த மாதம் அது திரும்பி வருகிறது. அதற்கான ஏற்பாட்டை நல்ல வாரத்திலேயே செய்துவிட வேண்டும். நாள்காட்டியில் அந்த நாட்களைக் குறித்து, வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள்: கணவர், அக்கா, தோழி, நீங்கள் நம்பும் யாராக இருந்தாலும் சரி. பெரிய முடிவுகள், கடன், வேலையை விடுவது, உறவை முறிப்பது எல்லாவற்றையும் மாதவிடாய் முடிந்த பின் என்று அவரோடு பேசி ஒத்திவையுங்கள். அந்த நாட்களில் மாத்திரைகளை அவர் வைத்திருந்து, தினசரி அளவை மட்டும் எடுத்துத்தரட்டும். லித்தியம் ஒரு மாத அட்டை முழுவதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

எப்படிச் செய்வது என்று மனம் திட்டமிடத் தொடங்கினால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றிரவே துணையோடு போங்கள். இந்தியாவில் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926. இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் மருத்துவரின் எண்ணுக்குக் கீழே எழுதிவையுங்கள்.